பெட்டியின் மேல் ஒரு கோப்பை, ஒரு குடை, ஒரு எண்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவையொட்டி நடந்த உறுப்பினர் கூட்டத்தில் கிடங்குப் பொறுப்பாளர் பேசியது)



என்னை அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "அதுல பேச என்ன இருக்கு? பொருளை உள்ளே வைக்கிறோம், டேப் ஒட்டுறோம், அனுப்புறோம்"னு நீங்க நினைக்கலாம். எனக்குக் கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் சிவகாசியில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை. இப்போது நம்ம கிடங்கில் சரக்கு கட்டி அனுப்புகிற வேலை. பெட்டி செய்கிற இடத்தையும் பார்த்துவிட்டேன், அது நசுங்கித் திரும்பி வருகிற இடத்தையும் பார்த்துவிட்டேன். அதனால் பெட்டி மேல் அச்சடித்திருக்கிற படங்களைப் பற்றி மட்டும் இன்றைக்குச் சொல்கிறேன். அதிலும் எல்லாப் படத்தையும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நமக்கு அன்றாடம் தேவைப்படுகிற நாலு படம் போதும்.

உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் கொடுத்திருக்கிறோம். அதில் ஒரு போட்டோ இருக்கிறது. போன ஐப்பசியில் நம்ம எலுமிச்சை ஊறுகாய் 20 பெட்டி சென்னையில் ஒரு கடைக்குப் போனது. பெட்டிக்கு 24 பாட்டில். மொத்தம் 480 பாட்டில், பாட்டிலுக்கு 90 ரூபாய் வீதம் 43,200 ரூபாய் சரக்கு. அந்த ஊறுகாய் போட்ட மூணு குழுவும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். சரக்கு போய்ச் சேர்ந்த அன்று மதியம் கடையில் இருந்து செல்போனுக்கு இந்தப் போட்டோ வந்தது. கூடவே ஒரு குரல் பதிவு. "உங்க பேக்கிங் சரியில்லைங்க. பெட்டி நசுங்கி பாட்டில் உடைஞ்சு எண்ணெய் வழியுது. 20 பெட்டியையும் திருப்பி அனுப்புறோம்" என்று.

கோபப்பட்டோ கெஞ்சியோ பதில் சொல்வதற்கு முன்னால் அந்தப் போட்டோவை நிதானமாகப் படித்துப் பார்த்தோம். எப்படிப் படித்தோம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். தாளை எடுத்துப் பாருங்கள்.

வேன் கதவைத் திறந்தவுடன் எடுத்த படம் அது. மூணு வரிசையாகப் பெட்டி அடுக்கியிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் இடது பக்க மேல் மூலையில் இரண்டு அம்புக்குறி, அடியில் ஒரு கோடு. அதை ஒட்டி ஒரு கோப்பை. அதற்கு அடுத்து மழைத்துளியோடு ஒரு குடை. கடைசியாக ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிற பெட்டிப் படம், அதில் 5 என்ற எண். இவை நாமாகக் கற்பனை செய்து போட்ட படங்கள் இல்லை. ஐ.எஸ்.ஓ. 780 என்று உலக அளவில் ஒரு தரக் குறிப்பு இருக்கிறது, அதில் உள்ளவை. எந்த மொழிக்காரர் தூக்கினாலும் புரிய வேண்டும் என்பதற்காக எழுத்தில்லாமல் படமாக வைத்திருக்கிறார்கள். நம்ம சரக்கை ஏற்றி இறக்குகிற தம்பிகளில் பாதிப் பேர் வடமாநிலத்துப் பிள்ளைகள். 'கண்ணாடி, கவனம்' என்று நாம் தமிழில் பெரிசாக எழுதி வைத்தால் அவர்களுக்கு எப்படிப் புரியும்?

முதலில் கோப்பை. தண்டு வைத்த கண்ணாடிக் கோப்பை. நம்ம அக்கா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இது பிராந்திக் கடைப் பெட்டியாட்டம் இருக்கே, நம்ம ஊறுகாய்ல எதுக்கு?" என்று கேட்டார். சாராயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே இருப்பது எளிதில் உடையும், மெதுவாகக் கையாளவும் என்று அர்த்தம். ஒன்றை மட்டும் மனசில் வையுங்கள். கோப்பைப் படம் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, பெட்டிக்குப் பலம் கொடுக்காது. பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் அட்டைத் தடுப்பு இல்லாமல் கோப்பையை மட்டும் நாலு பக்கமும் அச்சடித்துப் பிரயோஜனம் இல்லை. மாவுப் பாக்கெட்டுக்கும், துணிப் பைக்கும் கோப்பை போடுகிற குழுக்கள் இருக்கிறார்கள். தயவு செய்து போடாதீர்கள். எல்லாப் பெட்டியிலும் கோப்பை இருந்தால் தூக்குகிறவர் எதையும் மதிக்க மாட்டார்.

அடுத்து அம்பு. இரண்டு அம்பும் நிமிர்ந்து மேலே பார்க்க வேண்டும். மூடி திறந்து எண்ணெய் சிந்தாமல் இருக்கத்தான் இது என்று நாம் நினைக்கிறோம். அதுவும் உண்மை. ஆனால் பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவள் என்ற முறையில் இன்னொரு காரணம் சொல்கிறேன். அட்டையை ஓரத்தில் வெட்டிப் பார்த்தால் இரண்டு காகிதத்துக்கு நடுவே அலை அலையாக ஒரு நெளி தெரியும். அந்த நெளிகள் பெட்டியின் சுவரில் மேலிருந்து கீழாக ஓடுகிற மாதிரிதான் வெட்டித் தைப்பார்கள். வரிசையாக நிற்கிற சின்னச் சின்னத் தூண்கள் மாதிரி அவை நின்று பாரம் தாங்கும். பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் தூண்களும் படுத்துவிடும். அப்புறம் அதே பெட்டி பழைய பாரத்தைத் தாங்காது. ஆகவே அம்பு சாய்ந்து கிடந்தால், அந்த 5 என்ற எண்ணுக்கும் மதிப்பில்லை.

போட்டோவில் அம்பைப் பார்க்கும்போது ஒரு சிக்கல் உண்டு. செல்போனைப் படுக்க வைத்து எடுத்தால் படமே திரும்பி வரும், நின்ற பெட்டி படுத்த மாதிரி தெரியும். சண்டை பிடிப்பதற்கு முன்னால் தரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வேனின் தரை, ஆளின் கால், தொங்குகிற கயிறு, ஏதாவது ஒன்று கட்டாயம் படத்தில் இருக்கும். தரையும் அம்பும் ஒத்துப் போனால் பெட்டி நிமிர்ந்து இருக்கிறது. நம்ம போட்டோவில் வேன் தரை கீழே, அம்பு மேலே. அதனால் இந்தச் சரக்கு படுக்கப் போடப்படவில்லை என்பது முதல் தீர்மானம்.

சில பேர் மூணு அம்பு சுற்றி வருகிற முக்கோணத்தைப் பார்த்து, "எந்தப் பக்கம் வேணாலும் வைக்கலாம்னு போட்டிருக்கு" என்கிறார்கள். அது மறுசுழற்சிக் குறி. காகிதத்தைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. வைக்கிற விதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இப்போது எண். இதில்தான் கொஞ்சம் நேரம் செலவு செய்யப் போகிறேன்.

அடுக்கின பெட்டிப் படத்தில் ஒரு எண் இருந்தால், இதே மாதிரிப் பெட்டியை அத்தனைதான் அடுக்கலாம் என்று பொருள். இதே மாதிரி என்ற சொல் முக்கியம். ஊறுகாய்ப் பெட்டி மேல் ஊறுகாய்ப் பெட்டிக்குத்தான் இந்தக் கணக்கு. மேலே வேறு ஒருவருடைய இரும்புச் சாமான் மூட்டையை வைத்துவிட்டு, "அஞ்சு எண்ணிக்கைக்குள்ளதானே இருக்கு" என்று சொல்ல முடியாது. இன்னொரு வகைக் குறியும் உண்டு. மேலே இருந்து ஒரு அம்பு அழுத்துகிற மாதிரி படம் போட்டு, இத்தனை கே.ஜி. மேக்ஸ் என்று எழுதியிருக்கும். அது, அந்தப் பெட்டியின் தலையில் அதிகபட்சம் இத்தனை கிலோதான் ஏற்றலாம் என்று சொல்வது. பெட்டி படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் மேலே எதையுமே வைக்கக் கூடாது.

எண்ணை எப்படி எண்ணுவது என்பதில் குழப்பம் இருக்கிறது. சிலர் அடிப்பெட்டியையும் சேர்த்து ஐந்து என்கிறார்கள். சிலர் அடிப்பெட்டிக்கு மேலே ஐந்து, ஆக மொத்தம் ஆறு என்கிறார்கள். அடுத்தவர் பெட்டியில் எண்ணைப் பார்த்தால் அடிப்பெட்டியையும் சேர்த்தே எண்ணுங்கள். ஒரு பெட்டி குறைவாக அடுக்கியதால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. நம்ம பெட்டியில் இந்தக் குழப்பம் வராமல் இருக்க, எண்ணுக்குக் கீழேயே 'அடிப்பெட்டி சேர்த்து' என்று தமிழிலும் இந்தியிலும் இப்போது அச்சடிக்கச் சொல்லிவிட்டோம்.

அந்த 5 எங்கிருந்து வந்தது? பெட்டிக் கம்பெனியில் காலிப் பெட்டியை ஒரு இயந்திரத்தில் வைத்து மேலிருந்து மெதுவாக அழுத்துவார்கள். எவ்வளவு பாரத்தில் பெட்டி மடங்குகிறது என்று முள் காட்டும். நம்ம ஊறுகாய்ப் பெட்டி அஞ்சு பிளை. அது 260 கிலோவில் மடங்கியது. "அடேயப்பா, 260 கிலோ தாங்குமா?" என்று சந்தோஷப்பட வேண்டாம். அது புதுப்பெட்டி, காய்ந்த பெட்டி, ஒரே ஒரு நிமிஷம் தாங்கின பாரம். நிஜத்தில் அந்தப் பெட்டி வேனில் குலுங்கும், கிடங்கில் பல நாள் அசையாமல் பாரத்தோடு நிற்கும், ஈரக் காற்றில் நனையும். அதனால் ஐந்தில் ஒரு பங்குதான் நம்பிக்கையான பாரம் என்று வைத்தோம். 260ஐ ஐந்தால் வகுத்தால் 52 கிலோ. பாட்டில், ஊறுகாய், தடுப்பு, பெட்டி எல்லாம் சேர்த்து எடை போட்டால் ஒரு பெட்டி 13 கிலோ. 52 கிலோ என்றால் தலைக்கு மேலே நாலு பெட்டி. அடிப்பெட்டியோடு சேர்த்து ஐந்து. அவ்வளவுதான் கணக்கு. உங்கள் குழுவின் பொருளுக்கும் இதே மாதிரி போட்டுக்கொள்ளலாம். பெட்டி வாங்குகிற இடத்தில் "அமுக்கச் சோதனையில எத்தனை கிலோ வந்துச்சு?" என்று கேளுங்கள். நல்ல கம்பெனி என்றால் சொல்வார்கள். சொல்ல மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

சரி, இப்போது போட்டோவில் எண்ணுங்கள். இடது வரிசையில் எத்தனை? ஏழு. நடுவில்? ஏழு. வலது ஓரத்தில்? ஆறு. அடிப்பெட்டியில் 5 என்று தெளிவாகத் தெரிகிறது, அதன் மேலேயே ஆறு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆறு பதிமூணு 78 கிலோ. 52 தாங்க வேண்டிய தலையில் 78.

ஆனால் ஒரு கேள்வி வருகிறது இல்லையா? சோதனையில் 260 கிலோ தாங்கின பெட்டி, 78 கிலோவுக்கு ஏன் மடங்க வேண்டும்? நம்ம பொருளாளர் அக்கா அன்றைக்கு இதைத்தான் கேட்டார். நல்ல கேள்வி. கடைக்காரர் கேட்டாலும் பதில் வேண்டுமே.

பதில் குடையில் இருக்கிறது.

குடைப் படத்தை மழையில் நனைக்காதே என்று மட்டும் நாம் படிக்கிறோம். அதன் முழு அர்த்தம், மழை படாமலும் காய்ந்த இடத்திலும் வைக்க வேண்டும் என்பது. தண்ணீர் மேலிருந்து மட்டும் வராது. வேன் தரையில் நிற்கிற தண்ணீர், சிமெண்ட் தரையில் இருந்து ஏறுகிற ஈரம், விடியற்காலைப் பனி, எல்லாவற்றையும் அட்டை உறிஞ்சும். அட்டை என்பது காகிதமும் பசையும்தானே. பசை பெரும்பாலும் மாவுப்பசை. ஈரம் ஏறினால் உள்ளே நிற்கிற நெளித் தூண்கள் துவண்டுவிடும். சொட்டச் சொட்ட நனைய வேண்டும் என்பதுகூட இல்லை. மழைக்காலத்து ஈரக் காற்றில் அடைபட்டுக் கிடந்தாலே பெட்டி தன் பலத்தில் பாதி வரை இழந்துவிடும். தரைத் தண்ணீரில் நின்றால் இன்னும் மோசம்.

இன்னொன்று நாள் கணக்கு. ஒரு நிமிஷம் தூக்கிப் பிடிக்கிற குடத்தை ஒரு மணி நேரம் பிடித்திருக்க முடியுமா? அட்டையும் அப்படித்தான். பத்து நாள் தொடர்ந்து பாரத்தோடு நின்றால், ஒரு நிமிஷச் சோதனையில் தாங்கினதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

போட்டோவைத் திரும்பப் பாருங்கள். இடது, நடு வரிசையில் அடிப்பெட்டியின் கீழ்ப்பாகம் மட்டும் கருப்பாக, நேர்கோடு வரைந்த மாதிரி இருக்கிறது. நாலு விரல் உயரம். அது எண்ணெய்க் கறை இல்லை. எண்ணெய் மேலிருந்து வழியும், ஓரம் ஒழுங்கில்லாமல் பரவும், ஒளி பட்டால் மினுமினுக்கும். தண்ணீர் கீழிருந்து ஏறினால் நாலு பக்கமும் ஒரே உயரத்தில் கோடு விழும். அந்தக் கோட்டுக்குக் கீழே அடி டேப் விட்டுப் போய்த் தொங்குகிறது, காகிதம் அலை அலையாகப் புடைத்திருக்கிறது. பெட்டி தண்ணீரில் நின்றிருக்கிறது.

இனி கூட்டிப் பாருங்கள். 260இல் ஈரத்துக்குப் பாதி போனால் 130. சரக்கு வழியில் ஒரு கிடங்கில் இறக்கி, மறுபடி ஏற்றி, ஒன்பதாம் நாள்தான் போய்ச் சேர்ந்தது. நாள் கணக்குக்கு மூன்றில் ஒன்று கழித்தால் 87க்குப் பக்கம். தலையில் 78 கிலோ. மிச்சம் ஒரு பெட்டி எடைகூட இல்லை. ஒரு வேகத்தடையில் வேன் குதித்தால் போதும். இதே தண்ணீரில் ஐந்து பெட்டி மட்டும் நின்றிருந்தால் தலையில் 52 கிலோதான், அநேகமாகத் தாங்கியிருக்கும். வேன் தரை காய்ந்து ஏழு அடுக்கு நின்றிருந்தாலும் அநேகமாகத் தாங்கியிருக்கும். எண்ணையும் மீறி, குடையையும் மீறினதால் இரண்டு பெட்டி மடங்கியது. வலது ஓர வரிசையில் ஆறு பெட்டிதான், தண்ணீர்க் கோடும் இல்லை. அந்த அடிப்பெட்டி பக்கம் உப்பியிருக்கிறதே தவிர, மடங்கவில்லை. ஒரே வேனில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கக் கிடைத்தது நமக்கு நல்லதாகப் போச்சு.

கடைக்காரர் சொன்னது பேக்கிங் சரியில்லை என்று. அதையும் போட்டோ பேசுகிறது. நம்ம தடுப்பு அட்டை மோசமாக இருந்து, பாட்டிலோடு பாட்டில் மோதி உடைந்திருந்தால், எல்லா அடுக்கிலும் இங்கொன்று அங்கொன்றாக உடைந்திருக்கும், பெட்டியின் வெளிச்சுவர் நேராக இருக்கும். யாராவது கீழே போட்டிருந்தால் ஒரு மூலையோ ஒரு விளிம்போ மட்டும் உள்ளே குத்தியிருக்கும், மற்ற மூணு மூலையும் கூர்மையாக இருக்கும். பாரத்தால் நசுங்கினால் அப்படி இருக்காது. பக்கச் சுவர் வயிறு மாதிரி வெளியே தள்ளும், மேல் மூலைகளில் இருந்து சாய்வாக மடிப்பு விழும், பெட்டி மொத்தமாகக் குள்ளமாகும். நம்ம இரண்டு பெட்டியிலும் மூணாவது அடையாளம்தான் இருக்கிறது. மேலே இருக்கிற அடுக்குகளில் ஒரு மூலைகூடக் கெடவில்லை.

இதை எல்லாம் எழுதிக் கடைக்கு அனுப்பினோம். போட்டோவிலேயே எண்ணின் மேல் ஒரு வட்டம், தண்ணீர்க் கோட்டின் மேல் ஒரு வட்டம், அடுக்குகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை நம்பர். கூடவே, "மற்ற 18 பெட்டியையும் திறந்து பாருங்க, உடைஞ்சிருந்தா நாங்களே எடுத்துக்கிறோம்" என்று சொன்னோம். திறந்து பார்த்தார்கள். ஒரு பாட்டில்கூட உடையவில்லை. 18 பெட்டிக்குப் பணம் வந்தது, அடுத்த ஆர்டரும் வந்தது. மடங்கின இரண்டு பெட்டியில் 17 பாட்டில் உடைந்தது, மீதி எண்ணெய் பட்டு விற்க முடியாமல் போனது. அந்த 4,320 ரூபாய்க்கு ஏற்றிச் சென்ற பார்சல் கம்பெனியோடு இன்னமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஏனென்றால் போட்டோ எல்லாவற்றையும் சொல்லாது. ஏழு அடுக்கு எந்த ஊரில் ஏற்றினது, வேனில் தண்ணீர் எப்போது வந்தது என்று படத்தில் இல்லை. சரக்கு இறக்குமுன் எல்.ஆர். காப்பியில் 'அடிப்பெட்டி இரண்டு ஈரம், நசுங்கல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் நம்ம கை இன்னும் பலமாக இருந்திருக்கும். கடைப் பையன் 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டான். நமக்கு மூலப்பொருள் வரும்போதும் இதைக் கவனியுங்கள். பாட்டில் லோடு வந்தால் முதலில் பார்த்து, போட்டோ எடுத்து, குறையை எழுதி, அப்புறம்தான் கையெழுத்து.

போட்டோ எடுப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. உடைந்த பாட்டிலைக் கிட்டத்தில் காட்டி எடுக்கிறோம். பார்க்கப் பரிதாபமாக இருக்கும், எதையும் நிரூபிக்காது. முதல் படம் கொஞ்சம் தள்ளி நின்று, தரையும் மேல் பெட்டியும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி. அதில்தான் எத்தனை அடுக்கு என்று எண்ண முடியும். இரண்டாவது படம் பெட்டியின் மூலையில் இருந்து, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி. ஈரக் கோடு சுற்றி ஓடுகிறதா, வயிறு தள்ளியிருக்கிறதா என்று அதில் தெரியும். மூணாவதுதான் கிட்டத்தில், குறியும் எண்ணும் படிக்க முடிகிற மாதிரி. மூணும் டேப்பை அறுப்பதற்கு முன்னால். பிளாஷ் வேண்டாம், வழவழப்பான அட்டையில் வெளிச்சம் அடித்து எண் மறைந்துவிடும். இங்கிருந்து அனுப்பும்போதும் இதே மூணு படம் எடுத்து வைக்கிறோம். வேனில் ஐந்து அடுக்கு ஏற்றினோம் என்பதற்கு நம்மிடமும் சாட்சி இருக்கட்டும்.

அடுத்து ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். யாரும் வருத்தப்படக் கூடாது. மளிகைக் கடையில் பழைய பெட்டி வாங்கி நம்ம பொருளைக் கட்டுகிறோம். காசு மிச்சம், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் இருக்கிற படங்கள் பழைய பொருளுக்கானவை. சிப்ஸ் பாக்கெட் வந்த பெட்டியில் 10 என்று எண் இருக்கும். சிப்ஸ் பெட்டி மூணு கிலோ இருக்குமா? அதில் பத்து அடுக்கினால் அடிப்பெட்டி தலையில் 27 கிலோ. அதே பெட்டியில் நீங்கள் 10 கிலோ சத்துமாவு கட்டினால், மூணு பெட்டி மேலே வைத்தாலே அந்த எல்லை தாண்டிவிடும். தூக்குகிற தம்பி 10 என்று பார்த்துப் பத்து அடுக்குவான், அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. தவிர, பழைய பெட்டி ஒரு தரம் பாரம் தாங்கி, ஈரம் பட்டு, மடிப்பு விழுந்து வந்தது. புதுப்பெட்டியின் பலம் அதற்குக் கிடையாது. பழைய பெட்டி பயன்படுத்தினால் பழைய குறிகள் மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, உங்கள் பொருளுக்கான குறியைப் புதிதாகப் போடுங்கள். கண்ணாடிப் பாட்டிலுக்குப் பழைய பெட்டி வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

குறி போடுவதற்குப் பெரிய செலவில்லை. பழைய எக்ஸ்ரே பிலிமில் அம்பு, கோப்பை, குடை, அடுக்கு என்று நாலையும் வெட்டி அச்சு செய்து வைத்திருக்கிறோம், கிடங்கில் வந்து வாங்கிக்கொள்ளலாம். பெரிய பெட்டியானால் குறி பத்து சென்டிமீட்டர் உயரம் இருந்தால் தூரத்தில் இருந்தே தெரியும். சின்னப் பெட்டிக்கு அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். அம்பும் கோப்பையும் நாலு பக்கமும் வேண்டும், இடது பக்க மேல் மூலையில். இரண்டும் போடும்போது அம்புதான் மூலைக்குப் பக்கத்தில். மை கருப்பாக இருக்கட்டும். பளிச்சென்று தெரியட்டுமே என்று சிவப்பில் போடுகிறார்கள். தீப்பிடிக்கிற பொருள், அமிலம் மாதிரி ஆபத்தான சரக்குக்கு ஒட்டுகிற லேபிளோடு குழம்பிவிடும் என்பதால் சிவப்பு, ஆரஞ்சு நிறங்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மூடி மேல் மட்டும் குறி போடாதீர்கள். மேலே அடுத்த பெட்டி உட்கார்ந்ததும் மறைந்துவிடும்.

மற்ற குறிகளில் ஒன்றிரண்டு. சூரியனுக்குக் கீழே பெட்டி இருந்தால் வெயிலில் வைக்காதே. கொக்கியின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் கொக்கி மாட்டித் தூக்காதே. சாக்கு மூட்டைக்கு இது தேவைப்படும். வெப்பமானி படம் இருந்தால் இரண்டு எண்ணுக்கு நடுவில்தான் அந்தச் சூடு இருக்க வேண்டும். நம்ம பொருள்களுக்கு இப்போதைக்கு அது தேவையில்லை, மருந்து, தடுப்பூசிப் பெட்டிகளில் பார்க்கலாம்.

கடைசியாக நம்ம கிடங்கு. அங்கே செங்கல் கட்டுகிற மாதிரி பெட்டியை மாற்றி மாற்றி அடுக்குகிறோம், சரியாமல் நிற்கும் என்று. பெட்டியின் பலம் அதன் நாலு மூலையில்தான் இருக்கிறது. மூலைக்கு மேல் மூலை உட்கார்ந்தால் பாரம் நேராகக் கீழே இறங்கும். செங்கல் மாதிரி வைத்தால் மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் நடுச்சுவரில் உட்காரும், பலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். ஆகவே நேராக அடுக்கி, சரியாமல் இருக்கச் சுற்றிக் கயிறோ பிளாஸ்டிக் சுருளோ கட்டுங்கள். அடியில் மரச்சட்டம் போட்டு, சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி. சட்டத்தை விட்டுப் பெட்டியின் மூலை வெளியே தொங்கக் கூடாது.

அடுத்த வாரம் தீபாவளி ஆர்டர் ஏற்றுகிறோம். முறுக்குக் குழுவும் அதிரசக் குழுவும் பெட்டியை எடை போட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். அடுக்கு எண்ணை உங்களோடு உட்கார்ந்தே கணக்குப் போட்டு அச்சடித்துத் தருகிறேன். புதன்கிழமை காலை பத்து மணிக்குமேல் கிடங்கில் இருப்பேன்.